சந்திப்பு வடிவமைப்புக்கான சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலைத் தணிக்கை அறிக்கை கையில் கிடைத்தவுடன் ஊராட்சித் தலைவர்கள், ஒப்பந்தக்காரர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி வரைபடத்தை வைத்துக்கொள்வோம். தெற்கு வடக்காக ஓடும் இருவழி மாநில நெடுஞ்சாலை, நடுவில் 4.5 மீட்டர் சென்டர் மீடியன் வைத்து நான்குவழியாகிறது. வடிவமைப்பு வேகம் மணிக்கு 80 கி.மீ. மேற்கே ஒரு கிராமம். அங்கிருந்து வரும் சாலை, வடகிழக்காகச் சாய்ந்து 50 டிகிரி கோணத்தில் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. தொடும் இடத்தில் மீடியனில் ஒரு திறப்பு. கிராமச் சாலையின் வாய்க்குத் தெற்கே 15 மீட்டரில் பஸ் ஸ்டாப். மீடியன் முழுக்க அரளிச் செடி. இது எந்த ஊரின் படமும் அல்ல. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு குறையும் நம் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படுவதுதான்.

ரோட் சேஃப்டி ஆடிட்னா என்ன? விபத்து நடந்த இடத்துல விசாரணை பண்றதா?

விபத்து நடப்பதற்கு முன்னால் செய்வது. சாலையை வடிவமைத்தவர்களோடு சம்பந்தமில்லாத, குறைந்தது இரண்டு பேர் கொண்ட குழு, வரைபடத்தையும் இடத்தையும் பார்த்து, "இங்கே யார், எப்படி அடிபடக்கூடும்" என்று எழுதிக் கொடுக்கும். இந்த முறை 1980-களில் பிரிட்டனில் தொடங்கியது. நம் நாட்டில் இந்திய சாலைக் காங்கிரஸ், சுருக்கமாக ஐ.ஆர்.சி., வெளியிட்ட எஸ்.பி. 88 கையேடு இதற்கு வழிகாட்டி. 2010-ல் வந்த அந்தக் கையேடு 2019-ல் திருத்தப்பட்டது.

சாத்தியக்கூறு ஆய்வு, ஆரம்ப வரைபடம், விரிவான வரைபடம், கட்டுமானம், திறப்பதற்கு முன், திறந்த பின் என்று பல கட்டங்களில் தணிக்கை செய்யலாம். இந்தப் பக்கத்தில் பேசுவது விரிவான வரைபடக் கட்டத்தைப் பற்றி. அந்தக் கட்டத்தில் ஒரு கோட்டை அழித்து வரைய ஒரு மதிய நேரம் போதும். அதையே கான்கிரீட் போட்ட பிறகு மாற்றுவதென்றால் புதிய மதிப்பீடு, புதிய டெண்டர் என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

டிசைன் எல்லாம் ஐ.ஆர்.சி. கோடு படிதான் இருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொருத்தர் பார்க்கணும்?

கோடு, அதாவது ஐ.ஆர்.சி. விதித்தொகுப்பு, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகப் பார்க்கும். மீடியன் அகலம் சரியா, சரி. பஸ் நிறுத்தத்தின் நீளம் சரியா, சரி. செடி நட இடம் விட்டாயிற்றா, சரி. இவை மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது ஓட்டுநர் கண்ணுக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு எந்த ஒற்றை அட்டவணையிலும் பதில் இருக்காது.

நம் மாதிரிச் சந்திப்பையே பாருங்கள். 80 கி.மீ. வேகத்துக்கு ஐ.ஆர்.சி. சொல்லும் நிறுத்தப் பார்வைத் தூரம் 120 மீட்டர். நெடுஞ்சாலையில் வருபவர் எதிரே ஒரு தடையைப் பார்த்து, பிரேக் போட்டு நிற்க அது போதும். ஆனால் கிராமச் சாலையிலிருந்து பாரம் ஏற்றிய டிராக்டர் குறுக்கே போக எட்டு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு வினாடியில் 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 180 மீட்டர் வந்துவிடும். அதாவது டிராக்டர்காரர் சாலையில் இறங்கும்போது அவர் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காலியாக இருந்திருக்கும், பாதி கடக்கும்போது கார் பக்கத்தில் வந்திருக்கும். வரைபடம் விதிப்படிதான் இருக்கிறது. விபத்துக்கும் இடமிருக்கிறது.

அறிக்கையில ஒரு குறையை எப்படி எழுதுவாங்க? ஒண்ணு காட்டுங்களேன்.

நல்ல அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் இடம், ஆபத்து, யாருக்கு, தீவிரம், பரிந்துரை ஆகிய ஐந்தும் இருக்கும். நம் சந்திப்பின் பஸ் ஸ்டாப்பை எழுதினால் இப்படி வரும்:

> கண்டறிதல் 2. இடம்: கிராமச் சாலை வாய்க்குத் தெற்கே 15 மீட்டர், வடக்கு நோக்கிய தடம். ஆபத்து: பஸ் நிற்கும்போது, கிராமச் சாலையிலிருந்து வெளிவருபவருக்கு வலப்பக்கம் வரும் வாகனங்கள் முழுவதுமாக மறைகின்றன. பஸ்ஸை முந்தி வரும் வாகனம், வெளிவரும் இருசக்கர வாகனத்தின் பக்கவாட்டில் மோதக்கூடும். பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து சாலையைக் கடக்கும் பயணிக்கும் இதே ஆபத்து. விளைவு: உயிரிழப்பு அல்லது கடுங்காயம். வாய்ப்பு: ஆண்டுக்கு ஒரு முறையாவது. தீவிரம்: தாங்க முடியாதது. பரிந்துரை: நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி வடக்கே 75 மீட்டருக்கு மாற்றி, பஸ் ஒதுங்கி நிற்கத் தனி விரிவிடம் அமைக்க வேண்டும். கிராமச் சாலை வாயிலிருந்து அதுவரை நடைபாதை வேண்டும்.

இதில் ஆபத்து என்ற பகுதிதான் முக்கியம். யார் எங்கிருந்து வருகிறார், எது மறைக்கிறது, எதில் மோதுகிறார் என்று ஒரு நிகழ்ச்சியாகவே எழுதியிருக்க வேண்டும். "பஸ் நிறுத்தம் பாதுகாப்பற்ற இடத்தில் உள்ளது" என்று மட்டும் எழுதினால் வடிவமைப்பாளர் எதை மாற்றுவது என்று தெரியாமல் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போய்விடுவார்.

இன்னும் ரோடே போடலை, விபத்தே நடக்கலை. "தீவிரம் உயர்"னு எதை வச்சு எழுதறீங்க?

இரண்டு கேள்விகளின் விடையைச் சேர்த்து. நடந்தால் எவ்வளவு அடிபடும்? எத்தனை முறை நடக்கலாம்? ஆஸ்திரேலியாவில் முன்பு இருந்த வழிமுறையில் இரண்டாவது கேள்விக்கு நான்கு படிகள் உண்டு: வாரம் ஒரு முறையோ அதற்கு மேலோ, ஆண்டுக்கு ஒரு முறையாவது, ஐந்து முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை, அதைவிட அரிது. விளைவுக்கும் இதேபோல் நான்கு படிகள். இரண்டையும் கட்டம் போட்டுப் பார்த்தால் தாங்க முடியாதது, உயர்ந்தது, நடுத்தரம், குறைவு என்று ஒரு நிலை கிடைக்கும். இந்திய அறிக்கைகள் பலவற்றில் "அத்தியாவசியம்", "மிக விரும்பத்தக்கது", "விரும்பத்தக்கது" என்று பரிந்துரைகளுக்கு முன்னுரிமை போடுவார்கள். பிரிட்டனின் இப்போதைய வழிமுறையில் தரவரிசையே கட்டாயமில்லை, பிரச்சினையும் பரிந்துரையும் மட்டும் இருந்தால் போதும்.

விளைவைக் கணிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மோதும் வேகமும் மோதும் விதமும் தெரிந்தால் போதும். நடந்து போகிறவர் மீது 30 கி.மீ. வேகத்துக்கு மேல் மோதினாலும், காரின் பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் மோதினாலும், பிழைக்கும் வாய்ப்பு கிடுகிடுவெனக் குறையும். நம் சந்திப்பில் 80 கி.மீ. வேகம். பைக்கில் வருபவருக்குக் கதவுகூட இல்லை. அதனால் பக்கவாட்டு மோதல் என்றாலே விளைவு மேல் படிக்குப் போய்விடும்.

வாய்ப்பைக் கணிப்பதில்தான் தணிக்கையாளரின் அனுபவம் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பஸ் நிற்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த நேரத்தில் எத்தனை வண்டி வெளிவருகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பழைய இருவழிச் சாலையின் விபத்துப் பதிவு காவல் நிலையத்தில் இருந்தால் அதையும் பார்க்கலாம். இதில் ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. பழைய சாலையில் விபத்து குறைவு என்பதால் வாய்ப்பையும் குறைவாகப் போட்டுவிடுவார்கள். குண்டும் குழியுமான பழைய சாலையில் வண்டிகள் 45-ல் போயிருக்கும். புதிய சாலையில் அதே வண்டிகள் 90-ல் வரும்.

சாய்வா வந்து சேர்ந்தா வண்டி அலுங்காம திரும்பும். அதைப் போய் ஏன் குறைன்னு சொல்றீங்க?

அலுங்காமல் திரும்புவதுதான் குறை. 50 டிகிரியில் வரும் வண்டி நிற்கத் தேவையில்லை என்று நினைத்து அப்படியே வடக்கு நோக்கிய தடத்தில் நுழைந்துவிடும். சரி, நின்று பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். செங்கோணச் சந்திப்பில் 90 டிகிரி வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் வரும் வண்டி தெரியும். இங்கே 130 டிகிரி, அதாவது தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். கழுத்து வலியுள்ள வயதானவரால் அது முடியாது. காய்கறி ஏற்றிய மினி லாரியில் பின்னாலுள்ள கூண்டுதான் தெரியும், சாலை தெரியாது. கண்ணாடியைப் பார்த்து இறங்குவார்கள், அதில் தூரம் தப்பாகத் தெரியும்.

பரிந்துரை: கிராமச் சாலையின் கடைசி 30 மீட்டரை வளைத்து, செங்கோணத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஐ.ஆர்.சி. வழிகாட்டுதலும் 60 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. இதற்குக் கொஞ்சம் நிலம் வேண்டும். கிடைக்காவிட்டால், அகன்று கிடக்கும் வாயைக் கர்ப் எனும் ஓரக்கல் வைத்த ஒரு தீவால் குறுக்கி, வண்டியை 70 டிகிரிக்காவது திருப்பலாம். வெறும் பெயின்ட் தீவு என்றால் அதன் மேலேயே ஏறிப் போவார்கள்.

பஸ் ஸ்டாப்பை 75 மீட்டர் தள்ளி வச்சா கிழவி எப்படி நடப்பா? ஜனங்க பழைய இடத்துலதானே நிப்பாங்க?

நியாயமான கேள்வி. நடைபாதை இல்லாமல் நிறுத்தத்தை மட்டும் மாற்றினால் அப்படித்தான் நடக்கும், பஸ்ஸும் பழைய இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கண்டறிதல் 2-ல் நடைபாதையும் பரிந்துரையின் பகுதியாக இருக்கிறது. நிழற்குடையும் விளக்கும் புதிய இடத்தில் முதல் நாளே இருக்க வேண்டும். பழைய இடத்தில் பஸ் ஒதுங்கவே முடியாதபடி ஓரத்தில் கர்ப் போட்டுவிட வேண்டும்.

எதிர்த்தடத்துக்கும் இதே கணக்கு. தெற்கே போகும் பஸ், சந்திப்பைத் தாண்டித் தெற்கில் நிற்கும். அங்கே இறங்குகிறவர்கள்தான் கிராமத்துக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும். அதனால் கடக்கும் இடமும் திறப்புக்குத் தெற்கே வருகிறது. ஒரு தடம் 7 மீட்டர். சாதாரண நடையில் ஆறு வினாடி, வயதானவர்களுக்கு எட்டு வரை. நடுவில் 4.5 மீட்டர் மீடியனில் நின்று, அடுத்த பக்கத்தைப் பார்த்துக் கடக்கலாம்.

வலது பக்கம் திரும்பற வண்டிக்குத் தனி லேன் கொடுத்துட்டா போதாதா?

வேண்டும், ஆனால் எங்கே என்பதில் கவனம் வேண்டும். வடக்கிலிருந்து வந்து கிராமத்துக்குத் திரும்பும் வண்டி இப்போதைய வரைபடத்தில் வேகத்தடத்திலேயே நின்று காத்திருக்கிறது. பின்னால் வருகிறவர் அதன் மேல் மோதுவார். அதனால் மீடியனைக் குடைந்து 3.5 மீட்டர் காத்திருப்புத் தடம் கொடுக்கச் சொல்வோம்.

அப்படிக் குடைந்தால் அந்த நீளத்தில் மீடியனில் மிச்சமிருப்பது ஒரு மீட்டர். அதில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. காத்திருப்புத் தடம் வருவது திறப்புக்கு வடக்கே. கடக்கும் இடத்தையும் வடக்கே வைத்திருந்தால், ஒரு குறையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கியிருப்போம். முந்தைய பதிலில் அதைத் தெற்கே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பரிந்துரைகளைத் தனித்தனியாக எழுதிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரைந்து பார்க்காத அறிக்கையில் இந்த மாதிரி முரண்பாடுகள் கண்டிப்பாக இருக்கும்.

செடி நல்லதுதானே? எதிர் லைட் கண்ணைக் கூசாம தடுக்குமே. அதையும் எடுக்கச் சொல்றீங்களா?

எல்லா இடத்திலும் இல்லை. திறப்புக்கு இருபுறமும், பார்வை தேவைப்படும் நீளத்துக்கு மட்டும். வரைபடத்தில் அரளி ஒரு பச்சைப் புள்ளி. நட்ட அன்றைக்கு முழங்கால் உயரம்கூட இருக்காது. வளர்ந்து ஆள் உயரம் ஆனபின், கார் ஓட்டுபவரின் கண் உயரமான 1.2 மீட்டரை அது எப்போதோ தாண்டியிருக்கும். மீடியனில் நிற்கும் பைக்கும், கடக்கக் காத்திருக்கும் பள்ளிப் பையனும் அதற்குள் மறைந்துவிடுவார்கள்.

"செடியை அவ்வப்போது வெட்டவும்" என்ற பரிந்துரையை நான் ஏற்பதில்லை. வெட்டுவதற்கான ஒப்பந்தம் முடிந்த மாதமே ஆபத்து திரும்பிவிடும். அந்த நீளத்தில் புல்லோ தரையோடு படரும் செடியோ மட்டும் என்று வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

பேசாம மீடியன் திறப்பையே மூடிட்டா? பிரச்சினையே இல்லையே.

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. திறப்பின் பெரிய ஆபத்து டிராக்டர்தான். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். 4.5 மீட்டர் மீடியனில் அது பாதிகூட அடங்காது. எதிர்த்தடம் காலியாகக் காத்திருக்கும்போது டிரெய்லரின் வால் வேகத்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் அதற்குப் பின்விளக்கும் இருக்காது. எனவே குறுக்கே கடப்பதை நிறுத்துவது நல்ல யோசனைதான்.

ஆனால் அடுத்த யூ-டர்ன் எங்கே என்று பார்க்காமல் மூடக் கூடாது. வடக்கே 1.2 கி.மீ. தள்ளி இருந்தால், தெற்கே போக வேண்டியவர் 2.4 கி.மீ. கூடுதலாக ஓட்ட வேண்டும். பால்காரர் ஓட்ட மாட்டார். ராங் சைடில் ஓரமாகப் போவார். பக்கவாட்டு மோதலை எடுத்துவிட்டு நேருக்கு நேர் மோதலைக் கொண்டுவந்தது போலாகும். அப்புறம் யாராவது ராத்திரியோடு ராத்திரியாக மீடியனை உடைத்து வழி செய்வார்கள். அந்த வழியில் பலகையும் இருக்காது, விளக்கும் இருக்காது.

நம் சந்திப்புக்கு என் தேர்வு: குறுக்கே கடப்பதை மூடி, வடக்கிலிருந்து உள்ளே திரும்பும் வழியை மட்டும் கர்ப் வைத்துத் திறந்து விடுவது. வெளிவருபவர்கள் இடது திரும்பி, 300, 400 மீட்டருக்குள் டிரெய்லரும் திரும்பக்கூடிய அளவுக்கு அகலப்படுத்திய யூ-டர்னில் திரும்புவார்கள். அந்த இடத்தில் சாலையோரத்தில் வெளிப்பக்கமாக அகலம் கூட்ட வேண்டும். அதற்கான நிலம் நெடுஞ்சாலை எல்லைக்குள் இருக்கிறதா என்பதை அறிக்கை எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பீடு பிரேக்கர் போடுங்க, இல்லாட்டி ரவுண்டானா வைங்க. ஏன் சுத்தி வளைக்கறீங்க?

கிராமச் சாலையில் வேகத்தடை போடலாம், போட வேண்டும். 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட, வில்போல் வளைந்த தடையில் 25 கி.மீ. வேகத்தில் வண்டி பத்திரமாக ஏறி இறங்கும். ஆனால் 80-ல் வரும் நெடுஞ்சாலையில் திடீரென வேகத்தடை வைத்தால் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படுவார், பின்னால் வரும் லாரி மோதும்.

ரவுண்டானா உண்மையிலேயே வலுவான தீர்வு. நான்கு கை கொண்ட சாதாரணச் சந்திப்பில் வாகனப் பாதைகள் ஒன்றோடொன்று உரசும் புள்ளிகள் 32, ஒற்றை லேன் ரவுண்டானாவில் 8. நம் சந்திப்பு மூன்று கை, அதில் தொடக்கத்திலேயே 9-தான். இங்கே ரவுண்டானாவின் பெரிய பலன், எல்லோரையும் மெதுவாக்குவது. உள்ளே நுழையும் பாதை வளைந்திருந்தால்தான் அது நடக்கும். நேராக ஓடும் சாலையின் நடுவில் ஒரு சிறிய வட்டத்தை வைத்தால், இரவில் அதன் மேலேயே ஏறுவார்கள்.

எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி எழுதினா செலவு கம்மி. அதோட விடக் கூடாதா?

பலகை வேண்டும், பலகை மட்டும் போதாது. தணிக்கைக் குழு முதலில் ஆபத்தையே எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க முடியுமா, அதுவும் முடியாவிட்டால்தான் எச்சரிப்பது. பஸ் ஸ்டாப்பை மாற்றுவது முதல் வகை. சந்திப்புக்கு முன் தடத்தைக் குறுக்கிக் குறுக்குக் கோடுகள் போடுவது இரண்டாவது வகை. "50" என்ற பலகை மட்டும் மூன்றாவது வகை. அகலமான நேர்ச்சாலையில் அதற்காக யாரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதில்லை.

மேல் படியில் உள்ள ஒரு தீவிரத்துக்குப் பரிந்துரை வெறும் பலகை என்றால், அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிக் காரணம் கேளுங்கள்.

பரிந்துரையை ஏத்துக்கலைன்னா என்ன ஆகும்? நெடுஞ்சாலைத் துறை கட்டாயம் செய்யணுமா?

தணிக்கையாளருக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு கண்டறிதலுக்கும் வடிவமைப்பாளர் ஏற்கிறேன், பகுதியாக ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் வேண்டும். இறுதி முடிவு சாலையின் உரிமையாளரான துறையுடையது, அதில் கையெழுத்தும் இருக்க வேண்டும். "நிலம் கிடைக்கவில்லை, எனவே தீவு வைத்து 70 டிகிரிக்குத் திருப்பியிருக்கிறோம்" என்பது நல்ல பதில். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்பது பதிலே இல்லை.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இங்கே வருகிறது. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்தக்காரர், ஆலோசகர் யாராக இருந்தாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்த நிலையில், எழுத்தில் வந்த எச்சரிக்கையைக் காரணமின்றித் தள்ளிய கோப்பு முக்கியமான ஆவணமாகிவிடும்.

எங்க ஊர் சந்திப்புக்கு இப்படி ஒரு அறிக்கை இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "தணிக்கை நடந்ததா" என்று மட்டும் கேட்டால் "ஆம்" என்று ஒரு வரி வரும். எந்தக் கட்டத்தில் நடந்தது, அறிக்கையின் நகல், ஒவ்வொரு கண்டறிதலுக்கும் கொடுத்த பதிலின் நகல் என்று மூன்றையும் சந்திப்பின் கி.மீ. எண்ணோடு கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிலும் மனு கொடுக்கலாம்.

ரோடு திறந்தாச்சு, சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. இன்னும் என்ன பார்க்கணும்?

திறப்பதற்கு முன் ஒரு முறை இரவில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பகலில் கர்ப் தீவு பளிச்சென்று தெரியும். இரவில் எதிர் விளக்கில் அது இருக்கும் இடமே தெரியாமல் போகலாம். தீவின் மூக்கில் ஒளிரும் பட்டைகளும், தரையில் பதித்த பூனைக்கண் விளக்குகளும் சரியாகத் தெரிகிறதா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

திறந்து சில மாதம் கழித்து, வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன என்று அளந்து, தணிக்கையில் கணக்கிட்ட வேகத்தோடு ஒப்பிட வேண்டும். விபத்துப் பதிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. திறப்புக்கு அருகில் கருப்பாக இழுத்த டயர் தடங்கள், கர்ப் கல்லில் உரசிய பெயின்ட், ஓரத்தில் நொறுங்கிய இண்டிகேட்டர் கண்ணாடி, பழைய பஸ் ஸ்டாப் இடத்தில் இன்னும் தேய்ந்து கிடக்கும் ஒற்றையடிப் பாதை, மூடிய மீடியனில் பெயர்ந்த இரண்டு கற்கள். இவற்றில் எது இருந்தாலும் படம் எடுத்து, தேதி போட்டு, எந்தக் கண்டறிதலோடு சேர்கிறது என்று குறித்துத் துறைக்கு அனுப்புங்கள்.